மாலை, சந்தனம், பொன்னாடை: மேடை மரியாதை எப்படி வேலை செய்கிறது?

வேலூரில் ஒரு சின்ன வாசகர் வட்டத்துக்குப் பல வருடமாக மேடைக்குப் பின்னால் நிற்கும் வேலை என்னுடையது. மைக் பிடிப்பவர் வேறு. மாலை சொல்லி வைப்பது, சந்தனம் கரைப்பது, சால்வையைப் பிரித்து மடித்து வைப்பது, யாருக்கு யார் போடுவது என்று சீட்டு எழுதுவது எல்லாம் நான். இந்த வேலையில் ஒருமுறை மறக்க முடியாத மாதிரி மாட்டிக்கொண்டேன். சிறப்பு விருந்தினருக்குப் போர்த்திய பொன்னாடையில் விலைச் சீட்டைக் கிழிக்காமல் விட்டுவிட்டேன். சரியாக இடது தோளுக்கு நேராக, வெள்ளையாக, சதுரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் 120 ரூபாய் என்று படிக்கவே முடிந்தது.

விருந்தினர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் ஒரு கேள்வி விடவில்லை. மேடைப் பொன்னாடை நூறு, இருநூறு ரூபாய்ப் பொருள் என்பது மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்த விலைதானே, வெளியே தெரிந்தால் ஏன் எல்லாருக்கும் கூசுகிறது?

இந்தச் சடங்கைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, ‘எல்லாம் வீண் செலவு சார், தூக்கிப் போடுங்க.’ மற்றது, ‘ஆதி காலத்து மரபு, கை வைக்கக் கூடாது.’ இரண்டு பேருமே மாலை, சந்தனம், பொன்னாடை மூன்றையும் பரிசுப் பொருளாகவே பார்க்கிறார்கள். பரிசாகப் பார்த்தால் அது மோசமான பரிசுதான். பூ சாயங்காலத்துக்குள் வாடிவிடும், சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிடும், பொன்னாடையை வீட்டில் யாரும் போர்த்திக்கொள்வதில்லை.

வீட்டு வாசலில் இருந்து ஆரம்பிப்போம்

உங்கள் வீட்டுக்கு வெயிலில் ஒருவர் வருகிறார். முதலில் செம்பில் தண்ணீர் கொடுப்பீர்கள், ஃபேனைப் போடுவீர்கள். அதாவது வந்த களைப்பைத் தணிப்பீர்கள். வீட்டுப் பெரியவர் எழுந்து வந்து வாய் நிறைய ‘வாங்க’ என்பார். கிளம்பும்போது வெறுங்கையோடு அனுப்பாமல் வெற்றிலை பாக்கோ பழமோ கையில் கொடுப்பீர்கள்.

இந்த மூன்றில் தண்ணீரை யார் கொடுத்தாலும் பரவாயில்லை. சின்னப் பிள்ளைகூடக் கொடுக்கலாம். ஆனால் ‘வாங்க’ அப்படி இல்லை. பெரியவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே பேப்பர் படித்துக்கொண்டிருந்தால், பத்து வகைப் பலகாரம் வைத்தாலும் வந்தவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுவது இதுதான்: ‘ஒரு வார்த்தை வாங்கன்னு சொல்லலை.’

மேடை என்பது இந்த வாசலைப் பெரிதாக்கி, நூறு பேர் பார்க்க நடத்துவது. சந்தனம் தண்ணீரின் இடத்தில் இருக்கிறது. மாலை, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லும் ‘வாங்க’. பொன்னாடை, கையில் கொடுத்தனுப்பும் வெற்றிலை பாக்கு.

இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: மூன்றும் மூன்று வேலை செய்கின்றன. மூன்றும் ஒரே கையால், ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்றில்லை.

கோயில் வழியும் கோட்டை வழியும்

மேடைக்கு முன்னால் இந்த மூன்றும் ஒன்றாக இருந்த இடம் கோயில். ஊர்த் திருவிழாவில் ‘முதல் மரியாதை’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் வருவது சாமி கழுத்தில் இருந்து எடுத்த மாலை, சாமிக்குச் சாத்திய சந்தனம், பிறகு பரிவட்டம். பரிவட்டம் என்றால் சாமிக்குச் சாத்திய துணியை மரியாதை பெறுபவரின் தலையில் சுற்றிக் கட்டுவது. மூன்றுமே முதலில் சாமியைத் தொட்டவை. பிறகுதான் மனிதனுக்கு வருகின்றன. அதனால்தான் ஒரு முழத் துணிக்காக இரண்டு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்குப் போகிறது. சண்டை துணிக்காக நடப்பதில்லை. சாமிக்கு அடுத்து யார் என்ற வரிசைக்காக நடக்கிறது.

துணிக்கு இன்னொரு வழியும் உண்டு. அது எங்கள் பக்கத்து வழி. 18ஆம் நூற்றாண்டில் ஆர்க்காடு கர்நாடக நவாபுகளின் தலைநகரம். பாலாற்றங்கரையில் டெல்லி கேட் இன்னும் நிற்கிறது. மொகலாயர் பாணி அரசவைகளில் ஒருவரை கௌரவிக்க ‘கில்லத்’ கொடுப்பார்கள். கில்லத் என்பது மரியாதை அங்கி. அந்த அரபுச் சொல்லின் வேரே ‘கழற்றுதல்’. அரசர் தான் போட்டிருந்ததைக் கழற்றிக் கொடுப்பது என்பது அதன் பழைய பொருள். நடைமுறையில் கிடங்கில் இருந்து புது அங்கி எடுத்துக் கொடுப்பதாகப் பிறகு மாறிப்போனாலும், ‘அரசர் உடம்பில் இருந்தது உன் உடம்புக்கு வருகிறது’ என்ற எண்ணம் மட்டும் துணியோடு ஒட்டிக்கொண்டே வந்தது. ‘சால்வை’ என்ற சொல்லும் பாரசீகத்தின் ‘ஷால்’ வழியாக வந்ததுதான்.

ஆக, கோயிலில் சாமி தொட்டது, கோட்டையில் அரசர் தொட்டது. மேடையில் பொன்னாடையைத் தொட்டது யார்? கடைக்காரரும், பாலிதீன் கவரைப் பிரித்த நானும். எனவே துணிக்குள் ஒரு பெருமையும் இல்லை. மேடையில் பெருமை முழுக்க, போர்த்துகிற கையில் இருந்து வருகிறது, அதைப் பார்க்கிற கண்களில் இருந்து வருகிறது. விலைச் சீட்டு ஏன் கூசியது என்பது எனக்கு இங்கேதான் பிடிபட்டது. போர்த்துகிற அந்த ஒரு நிமிடத்துக்கு, இது கடையில் வாங்கிய துணி என்பதை மண்டபமே சேர்ந்து மறந்திருக்கிறது. சீட்டு அதை எல்லாருக்கும் சத்தமாக ஞாபகப்படுத்திவிட்டது.

மறுபடி ஒருமுறை: கோயிலிலும் கோட்டையிலும் பொருள் ஏற்கெனவே தொடப்பட்டு வந்தது, அதனால் பொருளுக்கே மதிப்பு இருந்தது. மேடையில் பொருள் வெறும் பொருள். யார் கை, யாருக்கு முன்னால், எந்த வரிசையில் என்பதுதான் மதிப்பு. இனி வரும் நடைமுறை விதிகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

சந்தனம்: முன்பு முதலில், இப்போது கடைசியில்

மூன்றில் இப்போது அதிகம் கெட்டுப்போயிருப்பது சந்தனம். அதனால் இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சந்தனம் குளிர்ச்சி என்பார்கள். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கல்லில் தண்ணீர் விட்டு இழைத்த சந்தனம் என்பது மிக மெல்லிய மரத்தூளும் தண்ணீரும் சேர்ந்த குழம்பு. தோலில் பூசினால் அந்தத் தண்ணீர் மெதுவாக ஆவியாகிறது; ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வெறும் தண்ணீர் என்றால் வழிந்துவிடும். தூள் அதைப் பிடித்து வைக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குத்தான். வாசனை வேறு கதை. சந்தன எண்ணெய் சுலபத்தில் ஆவியாகாத கனமான எண்ணெய். மல்லிகை மாதிரி எட்ட இருந்தே மூக்கில் அடிக்காது. தோலின் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எழும், பல மணி நேரம் நிற்கும். அக்கினி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூருக்கு, வந்தவர் கையில் ஒரு துளி சந்தனம் என்பது உண்மையிலேயே உபசாரம்.

அந்த எண்ணெய் மரம் முழுக்க இருப்பதில்லை. ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று பெரியவர்களைச் சொல்வோமே, அந்த வைரம்தான், மரத்தின் நடுவில் முற்றிய பகுதி. சந்தன மரத்தில் வாசனை வைரத்தில்தான். வெளிப்பக்க வெள்ளைக் கட்டையில் இல்லை. வைரம் நன்றாகப் பாய இருபது, முப்பது வருடம் ஆகும். விலை அதனால்தான். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஜவ்வாது மலைச் சந்தனம் தெரிந்த பெயர். 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கு உண்டு. கட்டைகளைத் தரம் பிரித்து அங்கே ஏலம் விடுவார்கள்.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம் மண்டபங்களில் வெள்ளிக் கிண்ணத்தில் வைப்பது பெரும்பாலும் பாக்கெட் பவுடர்தான். ஏதோ ஒரு மரத்தூள், வாசனை, மஞ்சள் நிறம். பளீரென்று எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கல்லில் இழைத்த சந்தனம் வெளிர் நிறம்தான். பாலில் கொஞ்சம் டீத்தண்ணீர் கலந்த மாதிரி இருக்கும். வெற்றிலைத் தட்டில் சுண்ணாம்பு இருக்குமே, அதில் துளி எடுத்துக் கலந்து பாருங்கள். சிவந்தால் மஞ்சள் தூள் கலந்திருக்கிறது. சிவக்கவில்லை என்பதற்காக அது அசல் என்று சொல்லிவிட முடியாது. வேறு சாயமாகவும் இருக்கலாம். இன்னொரு அடையாளம் வாசனை. கிண்ணத்தைத் திறந்ததும் சென்ட் பாட்டில் மாதிரி குப்பென்று அடித்து, அரை மணியில் காணாமல் போனால் அது சந்தன எண்ணெய் இல்லை. விருந்தினர் பெரும்பாலும் வெள்ளைச் சட்டையில் வருகிறவர் என்பதையும் யோசியுங்கள். மஞ்சள் சாயம் காலரில் ஒட்டிக்கொண்டால் அவர் வீட்டில் நம் வட்டத்தைப் பற்றி நல்ல பேச்சு இருக்காது.

நாங்கள் இப்போது ஒரு சின்னக் கட்டை வாங்கி வைத்திருக்கிறோம். விழா அன்று காலையில் இருபது நிமிடம் இழைத்தால் ஒரு நெல்லிக்காய் அளவு சேரும். ஒருவர் விரல் நுனியில் எடுப்பது துவரம்பருப்பு அளவுதான் என்பதால் ஐம்பது, அறுபது பேருக்கு அது தாராளம். ஈரத்துணி போட்டு மூடி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விருந்தினர் வருவதற்குள் கிண்ணத்தின் ஓரம் வெடித்துப் பாளம் பாளமாகிவிடும். பன்னீரைக் கிண்ணத்தில் ஊற்றாமல் பன்னீர்ச் சொம்பிலேயே விட்டுவிடுங்கள்.

இனி முக்கியமானது, எங்கே வைப்பது. நெற்றியில் வைத்துவிடலாமா? நான் வேண்டாம் என்பேன். நெற்றி என்பது அவரவர் சமயக் குறிக்கான இடம். வேலூர்க்காரர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கான காரணங்களில் ஒன்று, சீருடையில் நெற்றிக்குறி இடக் கூடாது என்று வந்த உத்தரவு. அழிக்கச் சொன்னதற்கே அந்தக் கோபம் என்றால், கேட்காமல் வைத்துவிடுவதும் நல்லதில்லை. கிண்ணத்தை நீட்டுங்கள். அவரே எடுத்து நெற்றியிலோ, கழுத்திலோ, புறங்கையிலோ பூசிக்கொள்வார். வேண்டாம் என்றால் கைகூப்பிவிட்டுப் போவார். மேல்விஷாரத்தில் இருந்தும் வாணியம்பாடியில் இருந்தும் வரும் எங்கள் முஸ்லிம் நண்பர்கள் சந்தனத்தைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்கள். தர்காக்களில் சந்தனக்கூடு எடுப்பவர்களுக்குச் சந்தனம் அந்நியம் இல்லை. தட்டில் பக்கத்திலேயே குங்குமத்தை வைத்தால்தான் கை தயங்கும். ஆகவே பொது விழாவில் சந்தனத் தட்டில் குங்குமம் வேண்டாம். கல்யாண வரவேற்பு மேசையை அப்படியே தூக்கி வந்து மேடை வாசலில் வைத்ததுதான் இந்தக் குழப்பம்.

இதில் நான் செய்த தவறு ஒன்றும் உண்டு. முன்பு ஒரு விழாவில் வாசலில் தட்டோடு ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் வந்தார், கணவரை இழந்தவர். அந்தப் பெண் வீட்டில் பழகிய பழக்கத்தில் தட்டை அவருக்கு நீட்டாமல் அடுத்தவருக்கு நகர்த்திவிட்டாள். ஒரு நொடிதான். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் கைப்பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு எங்கள் சிறப்பு விருந்தினரே அவர்தான். அதன் பிறகு நான் தட்டுப் பிடிப்பவரிடம் முன்கூட்டியே ஒரே வாக்கியம் சொல்லி வைக்கிறேன்: ‘வாசலைத் தாண்டுற ஒவ்வொருத்தருக்கும் நீட்டணும்மா, யாரையும் பார்த்துப் பார்த்து நீட்டாதே.’

சந்தனத்தைச் சுருக்கமாகச் சொன்னால்: அது வாசலிலேயே முடிய வேண்டிய உபசாரம். யார் கையால் என்பது இதில் முக்கியம் இல்லை. யாரையும் விடாமல் நீட்டுவதுதான் முக்கியம்.

மாலை: கழுத்தில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான்

மாலைக்கு இங்கே சந்தனத்துக்கு நேர் எதிரான விதி. இது எல்லாருக்கும் போனால் பொருள் இழந்துவிடும். மேடையில் ஐந்து பேருக்கும் ஆளுயர மாலை போட்டால், அன்று விழா யாருக்கு என்பது பின்வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது.

சங்க காலத்தில் இருந்தே மாலை ஒரு அடையாள அட்டை மாதிரி இருந்திருக்கிறது. சேரருக்குப் பனம்பூ, சோழருக்கு ஆத்தி, பாண்டியருக்கு வேம்பு. எந்தப் பூ என்று பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். இன்று பூவுக்கு அந்த வேலை இல்லை. எந்தப் பூ என்பதைவிட யார் கழுத்து என்பதுதான் அடையாளம்.

பூக்கடையில் மாலை சொல்லப் போனால் முதல் கேள்வி, ‘இன்னா சார், விசேஷத்துக்கா, சாவுக்கா?’ அதிர்ச்சி அடைய வேண்டாம். சம்பங்கியும் ரோஜாவும் இரண்டுக்கும் போகின்றன. கட்டுமானமும் நேரமும் மாறும் என்பதால் கேட்கிறார். விழாவுக்கு என்றால் இடுப்பளவு நீளம் போதும், ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோவுக்குள் கட்டச் சொல்லுங்கள். மூன்று கிலோ மாலை போட்டோவில் நன்றாக இருக்கும். எழுபது வயதுக் கழுத்துக்கு நன்றாக இருக்காது. குண்டூசியோ கம்பியோ வைக்காமல் வாழைநாரிலும் நூலிலும் கட்டச் சொல்ல வேண்டும். கழுத்துக்கு மேல் வரும் பகுதியில் பூ இல்லாமல் நூலை நீளமாக விடச் சொல்வது இன்னும் முக்கியம். தலை நுழையும் வட்டம் சின்னதாக இருந்தால் மாலை இறங்கும்போது கண்ணாடியையும் சேர்த்து இறக்கிவிடும். ஒரு எழுத்தாளருக்கு அப்படித்தான் ஆனது. கண்ணாடி கீழே விழுந்து ஒரு பக்கக் கால் உடைந்து, அவர் உரை முழுக்க ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்தபடியே படித்தார்.

வாங்கி வந்ததும் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள். உள்ளே புழுங்கி ரோஜா இதழ் ஓரம் கறுக்கும். வாழை இலையில் சுற்றி நிழலில் வையுங்கள். பூக்காரர் தெளித்த தண்ணீர் அதில் நிறைய இருக்கும் என்பதால், மேடைக்கு எடுப்பதற்கு முன் இரண்டு கையாலும் தொங்கப் பிடித்து மெதுவாக ஒரு உதறு உதற வேண்டும்.

போட்ட உடனே விருந்தினர் மாலையைக் கழற்றிவிடுகிறாரே, அவமதிப்பா என்று புதியவர்கள் கேட்பார்கள். இது தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயம். மாலையை நாள் முழுக்கக் கழுத்தில் வைத்திருப்பது சாமியும், மணமக்களும். மற்றவர் அதை ஏற்றுக்கொண்டு, கைகூப்பி, எடுத்துவிடுவதுதான் அடக்கம். ‘நீங்கள் கொடுத்த உயரத்தை ஏற்றுக்கொண்டேன், ஆனால் அதிலேயே உட்கார்ந்திருக்க மாட்டேன்’ என்கிற மாதிரி. ஏற்றுக்கொண்டதும் ‘வாங்க’ சொல்லியாகிவிட்டது. மாலையின் வேலை முடிந்தது.

ஆண் விருந்தினருக்கு ஆண், பெண் விருந்தினருக்குப் பெண் மாலை போடுவது இங்கே வழக்கம். ஆண் பெண் கழுத்தில் போடுவது மாலை மாற்றுதலை ஞாபகப்படுத்துவதால் எல்லாருக்குமே சங்கடம். பெண் கிடைக்காவிட்டால் மாலையைக் கையில் கொடுத்துவிடலாம், ஒரு குறையும் இல்லை. ஒருவருக்குப் போட்ட மாலையை இன்னொருவருக்குப் போடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று தலைவருக்குப் போட்டதை எடுத்து விருந்தினருக்குப் போட்ட மேடைகளை நானே பார்த்திருக்கிறேன்.

பொன்னாடையும் பயனாடையும்

பொன்னாடை பற்றி முக்கியமானதைக் கோட்டைக் கதையிலேயே சொல்லிவிட்டேன். மீதி நடைமுறை. முந்தின நாளே கவரைப் பிரித்து, சீட்டைக் கிழித்து (ஆமாம்), உள்ளே இருக்கும் அட்டையை உருவி, நீளவாக்கில் இரண்டாக மடித்து, ஜரிகைக் கரை வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். மேடையில் வைத்துப் பிரித்தால் பாலிதீன் சத்தம் மைக்கில் கேட்கும். போர்த்துபவர் இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து, விருந்தினரின் தலைக்கு மேலாக முதுகுப் பக்கம் கொண்டுபோய் இரண்டு தோளிலும் சமமாக இறக்க வேண்டும். ஒரு தோளில் துண்டு மாதிரி போட்டுவிட்டால் அவசரம் தெரியும்.

மாலைக்கு முன்பா பின்பா? எங்கள் பழக்கம் மாலை முதலில். காரணம் தண்ணீர். பொன்னாடை மேல் ஈர மாலை விழுந்தால் துணி நனைந்து சாயம் இறங்கும். மாலைக்கு மேல் பொன்னாடை போட்டால் பூ நசுங்கும். மாலை போட்டு, அவர் எடுத்ததும் வாங்கி வைத்துவிட்டு, பிறகு பொன்னாடை. வேறு வரிசையில் செய்யும் ஊர்களும் உண்டு, குற்றமில்லை.

பயனாடை என்று ஒரு சொல் உண்டு. ஜரிகைப் பொன்னாடைக்குப் பதிலாக, வீட்டில் பயன்படுத்தத்தக்க பருத்தித் துண்டு. திராவிட இயக்கத்து மேடைகளில் அதிகம் கேட்கும் சொல். கேலி மாதிரி தெரிந்தாலும் விஷயம் சரி. பொருளில் மதிப்பு இல்லை, கையில்தான் என்று ஆனபிறகு, துணி பொன்னாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நாங்களும் மாறிவிட்டோம், குடியாத்தம் பக்கம் தறியில் நெய்த துண்டு வாங்குகிறோம். பொன்னாடை இல்லை என்று இதுவரை ஒரு விருந்தினரும் முகம் சுளிக்கவில்லை. எங்கள் உறுப்பினர்கள் இரண்டு பேர் சுளித்தார்கள்.

ஒரு காலை விழா, நிமிடக் கணக்கில்

இதையெல்லாம் ஒரே விழாவில் வைத்துப் பாருங்கள். எங்கள் ஆண்டு விழா, காலை பத்து மணி. மேடையில் ஐந்து பேர்: சென்னையில் இருந்து வரும் ஓய்வு பெற்ற பேராசிரியை சிறப்பு விருந்தினர், எங்கள் தலைவர், வாழ்த்துரைக்கு இருவர், போட்டியில் முதல் பரிசு பெற்ற கல்லூரி மாணவர்.

பழைய முறையில் என்றால் ஐந்து பேருக்கும் மூன்று பொருள். பதினைந்து முறை, ஒவ்வொரு முறையும் கூட்டத்தில் இருந்து ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் செருப்பைக் கழற்றிப் படியேறி, போட்டோவுக்கு நின்று இறங்க ஒரு நிமிடம். கால் மணி நேரம் போய்விடும். அதற்குள் பின்வரிசை டீ குடிக்கப் போயிருக்கும்.

இந்த முறை இப்படிப் பிரித்தோம். பேராசிரியை காட்பாடியில் ஒன்பது மணி வாக்கில் இறங்கினார். ஒன்பதரைக்கு மண்டப வாசல். கிண்ணத்தை எங்கள் உறுப்பினரின் மகள் நீட்டினாள். அவர் விரல் நுனியில் தொட்டு முகர்ந்துவிட்டு, ‘இழைச்சதா?’ என்று கேட்டுப் புறங்கையில் தடவிக்கொண்டார். பின்னால் வந்த டிரைவருக்கும் அவள் நீட்டினாள். சந்தனம் அங்கேயே முடிந்தது. மேடைக்குக் கிண்ணம் வரவே இல்லை.

பத்தேகாலுக்கு மேடை. மாலை ஒன்றே ஒன்று, பேராசிரியைக்கு. போட வேண்டியவர் வீட்டுக்காரர், அதாவது தலைவர். ஆனால் அவர் ஆண். இந்த முடிச்சை இப்படி அவிழ்த்தோம். தலைவர் எழுந்து மைக்கில் தன் வாயால் வரவேற்றார். எங்கள் வட்டத்தின் மூத்த பெண் உறுப்பினர், எழுபதைத் தாண்டியவர், மாலையைப் போட்டார். தலைவர் பக்கத்தில் தட்டோடு நின்று, மாலையைத் திரும்ப வாங்கித் தன் கையாலேயே நாற்காலியின் முதுகில் மாட்டினார். பிறகு அதே அம்மா துண்டைப் போர்த்தினார். எல்லாம் இரண்டு நிமிடம். மற்ற நால்வருக்கும் துண்டு மட்டும். மாணவருக்குத் தலைவரே போர்த்தினார்; மேடையிலேயே சின்னவருக்கு மேடையிலேயே பெரிய கை. அந்தப் பையனின் அம்மா முதல் வரிசையில் இருந்தார் என்பதால் போட்டோகிராபரை ஒரு நொடி நிற்கச் சொன்னேன். மொத்தம் ஆறு நிமிடம்கூட ஆகவில்லை.

எதிர்பார்த்த தொல்லை ஒன்று வந்தது. பேராசிரியையிடம் படித்தவர் என்று ஒருவர் ஜரிகைச் சால்வையோடு படியேறிவிட்டார். இப்படி வருபவரை ஒருவர் என்று விட்டால் அடுத்த நிமிடம் ஐந்து பேர் வருவார்கள். திருப்பி அனுப்பினால் அவருக்கும் அவமானம், விருந்தினருக்கும் அவமானம். நான் படியிலேயே மறித்து, ‘அண்ணே, கூட்டம் முடிஞ்சதும் கீழே தனியா நில்லுங்க, நிதானமா போர்த்தலாம், போட்டோவும் எடுத்துத் தரேன்’ என்றேன். கொஞ்சம் முறைத்தார். நன்றியுரை முடிந்து கீழே இறங்கியதும் போர்த்தினார், தான் எந்த வருடத்து மாணவர் என்று சொன்னார், இருவரும் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். மேடையில் விட்டிருந்தால் அரை நிமிடத்தில் கீழே இறங்கியிருப்பார்.

மாலை நாற்காலியிலேயே இருந்தது. வண்டியில் ஏற்றிவிட வேண்டுமா என்று கேட்டதற்கு, ‘ரயில்ல என்ன பண்றது, இங்கேயே ஏதாவது செடிக்குப் போட்டுடுங்க’ என்றார். மண்டபத்துக்குப் பின்னால் இருந்த வேப்ப மரத்தடியில் நாரைப் பிரித்தெடுத்துவிட்டுப் பூவை மட்டும் கொட்டினேன். சால்வையைப் பையில் மடித்து வைத்தார். குடியாத்தம் துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டு காரில் ஏறினார். வெளியே அப்போது நல்ல வெயில்.